மலிவு விலைக் கைப்பேசிகளில் எந்த ஜி.பி.யு ஃபிரேமைத் தாங்கும்? மூன்று வகைகள், ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தம்பிகள் கைப்பேசிக் கடையிலிருந்து எனக்கு அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பெட்டிகள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, மூணுமே எட்டு கோர், மூணுமே 8 ஜிபி. மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாட எது நல்லது?" கையில் 500 வெள்ளி இருக்கும். அம்மாவிடம் கெஞ்சினால் 700 வரை போகலாம்.

பெட்டியில் அச்சடித்திருப்பதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எட்டு கோர் என்பது சி.பி.யு கணக்கு. 8 ஜிபி என்பது நினைவகம். விளையாட்டில் ஒவ்வொரு படத்தையும் வரைந்து திரைக்குத் தள்ளுவது ஜி.பி.யு. அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது, இருந்தாலும் பாதிப் பெயர்தான் இருக்கும். மலேசியச் சந்தையில் இந்த விலைக்கு வரும் கைப்பேசிகளின் ஜி.பி.யுக்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

### ஃபிரேம் எத்தனை என்பதைவிட, எப்படி விழுகிறது

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு வினாடிக்கு 60 முறை புதிய படம் கேட்கும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி வினாடி. அதற்குள் ஜி.பி.யு வரைந்து முடிக்காவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும், புதியது அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆறு படத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகத் தவறவிடுகிறது. வினாடிக்கு 50 ஃபிரேம். இரண்டாவது, வினாடி முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, இரண்டே இடத்தில் மட்டும் தொடர்ந்து ஐந்து ஐந்து படங்களைத் தவறவிடுகிறது. அதுவும் 50 ஃபிரேம்தான். ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் திரை 100 மில்லி வினாடி உறைந்து நிற்கும். முதல் கைப்பேசியில் விளையாடுகிறவனுக்குக் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டாவதில் விளையாடுகிறவன் லார்டுக்கு அடிக்கப் போன நேரத்தில் ரெட்ரிபியூஷனை அழுத்தியிருப்பான், அது விழுவதற்குள் எதிரணி லார்டை எடுத்திருக்கும். விமர்சனக் காணொளிகளில் வரும் "சராசரி 50" என்ற எண்ணில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

### சண்டை நேரத்துக்கு மிச்சம் இருக்கிறதா

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லேனில் தனியாக மினியன்களை அடித்துக்கொண்டிருக்கும்போது எந்த மலிவுக் கைப்பேசியும் 60 காட்டும். ஐந்துக்கு ஐந்து சண்டை தொடங்கும்போதுதான் சோதனை. புகை, ஒளிவட்டம், வெடிப்பு என்று ஒன்றின்மேல் ஒன்றாக விளைவுகள் வந்து விழுகின்றன. அவை பாதி ஊடுருவித் தெரிபவை. சுவர் போன்ற திடப்பொருள் என்றால் அதற்குப் பின்னால் மறைந்திருப்பதை ஜி.பி.யு வரையாமல் விட்டுவிடலாம். புகைக்குப் பின்னால் இருப்பதை அப்படி விட முடியாது. ஒரே புள்ளியை நான்கைந்து முறை வண்ணம் கலந்து கலந்து வரைய வேண்டும். ஜி.பி.யுவில் எத்தனை கோர், அவை எந்த வேகம் என்பதெல்லாம் கைகொடுப்பது இங்கேதான்.

கணக்குக்காக எளிய எண்களைப் போட்டுப் பார்ப்போம். லேனில் ஒரு படத்தை வரைய ஒரு ஜி.பி.யுவுக்கு 9 மில்லி வினாடி, இன்னொன்றுக்கு 14 மில்லி வினாடி ஆகிறது. இரண்டும் 16.7க்குள் அடங்குவதால் இரண்டிலும் 60தான் தெரியும். சண்டையில் வேலை அறுபது விழுக்காடு கூடுகிறது என்று வையுங்கள். முதலாவது 14.4க்கு வரும், இன்னும் 60தான். இரண்டாவது 22.4க்குப் போய்விடும். சில படங்கள் நேரத்துக்கு வரும், சில வராது. விரலுக்குத் திணறலாகத் தெரிவது அதுதான். கடையில் ஐந்து நிமிடம் லேனில் ஓடிப் பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

### எத்தனை புள்ளிகளை நிரப்ப வேண்டும்

எச்டி பிளஸ் திரையில் 720 × 1600, அதாவது 1.15 மில்லியன் புள்ளிகள். முழு எச்டி பிளஸ் திரையில் 1080 × 2400, அதாவது 2.59 மில்லியன். சரியாக இரண்டே கால் மடங்கு. நல்ல திரை வாங்குகிறோம் என்று நினைத்து அதே ஜி.பி.யுவின் தலையில் இரண்டு மடங்குக்கும் மேல் சுமையை ஏற்றிவிடுகிறோம். படம் பார்ப்பதற்கு முழு எச்டி நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜி.பி.யுவையும் திரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

### இருபதாவது நிமிடத்தில் என்ன ஆகிறது

சிப் சூடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்சாதன அறையில் எடுக்கப்பட்டவை. நம் வீடுகளில், அதிலும் தகரக் கூரை போட்ட தோட்ட வீடுகளில், மதியம் மூன்று மணிக்குக் காற்றே 33 டிகிரியில் இருக்கும். வெளியே எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் சூடு வெளியேறுவது தாமதமாகும். காணொளியில் 40 நிமிடம் தாங்கிய கைப்பேசி நம் வீட்டில் 15 நிமிடத்தில் வேகத்தைக் குறைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

## முதல் வகை: ஒற்றைக் கோர் மாலி-ஜி57

யூனிசாக் டி606, டி612, டி616 சிப்களில் இருப்பது இது. இந்த மூன்று வகைகளில் பொதுவாக மிக மலிவானதும் இதுதான்.

குழப்பம் ஜி.பி.யுவின் பெயரிலேயே தொடங்குகிறது. கைப்பேசியில் சி.பி.யு-இசட் செயலியை ஏற்றிப் பார்த்தால் `Mali-G57` என்று காட்டும். பின்னால் சொல்லப்போகும் ஹீலியோ ஜி99 சிப்பிலும் அதே மாலி-ஜி57தான். "அண்ணே, ரெண்டுலயும் ஒரே ஜி.பி.யு, இது 200 வெள்ளி கம்மி" என்று தம்பிகள் மகிழ்ந்துபோவது இதனால்தான்.

ஒரே வடிவமைப்பு என்பது உண்மை. ஆனால் டி606 சிப்பில் அந்தக் கோர் ஒன்று மட்டுமே இருக்கிறது, ஓடும் வேகம் 650 மெகாஹெர்ட்ஸ். டி616 சிப்பில் அதே ஒற்றைக் கோர் 750 மெகாஹெர்ட்ஸ். ஜி99 சிப்பில் இரண்டு கோர்கள், ஒவ்வொன்றும் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். காகிதக் கணக்கில் டி606க்கும் ஜி99க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜி.பி.யுவின் பெயருக்குப் பின்னால் `MC1`, `MC2` என்றோ `MP1` என்றோ விவரப் பட்டியலில் போட்டிருந்தால், அந்தக் கடைசி எண்தான் கோர் எண்ணிக்கை. போடவில்லை என்றால் சிப்பின் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வகையில் ஜி.பி.யு ஏறக்குறைய எப்போதும் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சண்டைக்கென்று மிச்சம் வைப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை. நல்ல வேளையாக, இந்தச் சிப் போட்ட கைப்பேசிகள் பலவும் எச்டி பிளஸ் திரையோடுதான் வருகின்றன. ரியல்மி சி53 அப்படித்தான்: டி612, 720 × 1600 திரை. முழு எச்டி திரையோடு யாராவது இந்தச் சிப்பைக் காட்டினால் விளையாட்டுக்காக அதை எடுக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு: சேமிப்பகம். இந்த விலையில் பல கைப்பேசிகளுக்கு இ.எம்.எம்.சி வகைதான் கிடைக்கும், யூ.எஃப்.எஸ் கிடைக்காது. புதிய ஹீரோ, புதிய ஸ்கின், புதிய வரைபடம் திரைக்கு வரும்போது அதன் கோப்புகளைப் படிக்க இ.எம்.எம்.சி அதிக நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் விளையாட்டு ஒரு கணம் நின்று போகும். "8 + 8 ஜிபி" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்களே, அந்த இரண்டாவது 8 இதே சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குவதுதான். செயலிகள் பின்னணியில் உயிரோடு இருக்க அது உதவலாம். ஜி.பி.யுவுக்கு ஒரு ஃபிரேம்கூட அதனால் கூடாது.

யாருக்குச் சரி: வாட்ஸ்அப், பள்ளி வேலை, எப்போதாவது ஃப்ரீ ஃபயர் என்று இருக்கும் பிள்ளைக்கு இது போதும். மொபைல் லெஜெண்ட்ஸை கிராஃபிக்ஸ் கீழ் நிலையிலும் ஃபிரேமைக் குறைத்தும் வைத்து விளையாடத் தயார் என்றாலும் போதும். ரேங்க் ஏற நினைப்பவருக்கு இது சரிவராது.

## இரண்டாம் வகை: அட்ரீனோ 610

ஸ்னாப்டிராகன் 680, 685 இரண்டிலும் இருப்பது இந்த ஜி.பி.யுதான். ஸ்னாப்டிராகன் என்ற பெயருக்கே நம்மிடையே ஒரு மரியாதை உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது, ஆனால் இந்த விலையில் அதை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

அட்ரீனோ 610 முதலில் 2019இல் ஸ்னாப்டிராகன் 665 சிப்பில் வந்தது. 680 வந்தபோதும் அதே பெயர், 685 வந்தபோதும் அதே பெயர். 680லிருந்து 685க்குப் போகும்போது கூட்டியது சி.பி.யு வேகத்தைத்தான்: 2.4 கிகாஹெர்ட்ஸ் 2.8 ஆனது. செயலிகள் சற்று வேகமாகத் திறக்கும். சண்டையில் புகையை வரையும் இடத்தில் இதனால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாது. 680 கைப்பேசி மலிவாகக் கிடைக்கும்போது, விளையாட்டை மட்டும் மனத்தில் வைத்து 685க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அப்படியானால் இதற்கு என்ன பெருமை? சூடு. 680, 685 இரண்டும் 6 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. ஜி.பி.யுவும் பெரிதாக மின்சாரம் கேட்பதில்லை. அதனால் முதல் நிமிடத்தில் கிடைப்பதுதான் நாற்பதாவது நிமிடத்திலும் கிடைக்கும். உச்சம் குறைவு, ஆனால் அந்த உச்சத்திலிருந்து இறங்காது. ஃபிரேமின் நிலைத்தன்மை என்று பார்த்தால் இது பெரிய விஷயம், காரணம் தாங்கக்கூடிய அளவைக் கண்டுபிடித்து அமைத்துவிட்டால் அதே அளவில் ஆட்டம் முடியும்வரை ஓடும்.

மறைந்திருக்கும் செலவு: திரை. இந்தச் சிப்களை முழு எச்டி பிளஸ், 90 ஹெர்ட்ஸ் திரையோடு சேர்த்து விற்பதுதான் வழக்கமாகிவிட்டது. ரெட்மி நோட் 11 அப்படித்தான் வந்தது. சாம்சங் கேலக்ஸி ஏ05எஸ் அப்படித்தான் வந்தது. பட்டியலை உருட்டும்போது 90 ஹெர்ட்ஸ் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பை எதிர்பார்த்து விளையாட்டைத் திறந்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் 90 ஃபிரேம் வரைய இந்த ஜி.பி.யுவால் ஆகாது.

யாருக்குச் சரி: ஒரே மூச்சில் நெடுநேரம் விளையாடுபவர், பேட்டரி நீடிக்க வேண்டும் என்பவர், கிராஃபிக்ஸைக் கீழே வைக்கத் தயங்காதவர். பழைய சாமான் சந்தையில் 680 கைப்பேசிகள் நிறையப் புழங்குகின்றன, நல்ல நிலையில் கிடைத்தால் ஒற்றைக் கோர் புதுக் கைப்பேசியைவிட நான் இதைத்தான் எடுப்பேன்.

## மூன்றாம் வகை: இரட்டைக் கோர் மாலி-ஜி57

4ஜியில் ஹீலியோ ஜி99. 5ஜியில் டைமென்சிட்டி 6100 பிளஸ், 6300. எல்லாமே 6 நானோமீட்டர். எல்லாவற்றிலும் ஜி57 கோர் இரண்டு. கூடவே சி.பி.யுவில் இரண்டு ஏ76 கோர்கள். இதையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சண்டையில் எத்தனை பொருள் எங்கே நகர்கிறது என்று கணக்குப் போட்டு ஜி.பி.யுவுக்கு வேலை எழுதிக் கொடுப்பது சி.பி.யுதான். அது தாமதித்தாலும் ஜி.பி.யு கைகட்டி நிற்கும். முதல் வகையில் ஏ75, இரண்டாம் வகையில் ஏ73. ஏ76 இவை இரண்டையும்விடத் தெளிவாக ஒரு படி மேல்.

மேலே சொன்ன கணக்கில் 9 மில்லி வினாடி எடுத்த கைப்பேசியைப் போன்றது இது. மொபைல் லெஜெண்ட்ஸில் 60ஐ வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகலாம். பப்ஜி மொபைலில் கிராஃபிக்ஸை ஸ்மூத் என்று வைத்து ஆடலாம். கென்ஷின் இம்பாக்ட் வேறு கதை. அது இந்த ஜி.பி.யுவையும் மூச்சுவாங்க வைக்கும், 30 ஃபிரேமில் கீழ்நிலை கிராஃபிக்ஸ் என்றால்தான் ஓரளவு ஓடும்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு இருக்கின்றன. முதலாவது, பெயர் மாற்றம். ஜி99 அல்டிமேட், அல்ட்ரா, பிறகு 2024இல் வந்த ஜி100 எல்லாவற்றிலும் ஜி.பி.யு அதே இரட்டைக் கோர் ஜி57தான். ஜி100இல் கூட்டியது முக்கியமாகக் கேமரா பக்கத்தில். விளையாட்டுக்காக அதற்கு 100 வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, திரையில் 120 ஹெர்ட்ஸ் இருந்தாலும் விளையாட்டில் 90, 120 என்ற தெரிவு தோன்றாமல் போகலாம். பப்ஜி போன்றவற்றில் எந்த மாடலுக்கு எந்த ஃபிரேம் தெரிவைத் திறப்பது என்பதை விளையாட்டு நிறுவனமே முடிவு செய்கிறது. திரை எண்ணைப் பார்த்து வாங்குவதற்கு முன், அந்த மாடலில் அந்தத் தெரிவு வருகிறதா என்று அதை வைத்திருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

யாருக்குச் சரி: விளையாட்டுதான் முதல் காரணம் என்றால் இதுதான். 5ஜி தேவையா என்பது உங்கள் தோட்டத்தில் 5ஜி அலைவரிசை நிலையாக வருகிறதா என்பதைப் பொறுத்தது. வரவில்லை என்றால் 4ஜி ஜி99 போதும், ஜி.பி.யு விஷயத்தில் எதையும் இழக்கப் போவதில்லை.

## ஒரே பார்வையில்

| | ஒற்றைக் கோர் ஜி57 | அட்ரீனோ 610 | இரட்டைக் கோர் ஜி57 |
|---|---|---|---|
| சிப் | டி606, டி612, டி616 | ஸ்னாப்டிராகன் 680, 685 | ஜி99, ஜி100, டைமென்சிட்டி 6100 பிளஸ், 6300 |
| தயாரிப்பு முறை | 12 நானோமீட்டர் | 6 நானோமீட்டர் | 6 நானோமீட்டர் |
| சண்டைக்கு மிச்சம் | இல்லை | கொஞ்சம், கிராஃபிக்ஸைக் குறைத்தால் | உண்டு |
| பொருத்தமான திரை | எச்டி பிளஸ் மட்டும் | எச்டி பிளஸ் நல்லது | முழு எச்டி பிளஸ் சரி |
| நெடுநேர ஆட்டம் | தொடக்கத்திலேயே எல்லையில் | மாறாமல் நிற்கும் | பெரும்பாலும் நிற்கும் |

ஹீலியோ ஜி85 இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். அதில் இருப்பது ஒரு தலைமுறை முந்திய மாலி-ஜி52, ஆனால் கோர் இரண்டு, வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்தால் ஜி57 பெரியது போலத் தோன்றும், நடைமுறையில் ஒற்றைக் கோர் ஜி57ஐ இது முந்தும். குறை, இது 12 நானோமீட்டர் சிப். அந்த வேகத்தை அது தொடர்ந்து தக்கவைக்கச் சூடு விடுவதில்லை.

## ஏ05ஆ, ஏ05எஸ்ஸா?

ஒரு அக்கா தன் மகனுக்காகக் கேட்டது இது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு வேறு கைப்பேசி. கேலக்ஸி ஏ05இல் ஹீலியோ ஜி85, எச்டி பிளஸ் திரை. ஏ05எஸ்இல் ஸ்னாப்டிராகன் 680, முழு எச்டி பிளஸ், 90 ஹெர்ட்ஸ்.

விளையாட்டு திரையின் முழு அளவிலேயே வரைந்தால் ஏ05எஸ் இரண்டே கால் மடங்கு புள்ளிகளை நிரப்ப வேண்டும். அதன் ஜி.பி.யு ஏ05இன் ஜி.பி.யுவைவிட அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஆகவே கிராஃபிக்ஸை மேலே வைத்தால் விலை கூடிய கைப்பேசியில்தான் அதிகம் திணறும். அந்த அக்காவால் இதை நம்பவே முடியவில்லை, ஆனால் கணக்கு அதுதான்.

கிராஃபிக்ஸைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்தால் நிலைமை மாறும். பல விளையாட்டுகள் கீழ்நிலையில் படத்தைச் சிறிய அளவில் வரைந்து பிறகு திரைக்கு நீட்டிக்கொள்கின்றன. அப்போது திரையின் சுமை குறைந்து, ஏ05எஸ்இன் குளிர்ச்சி முன்னுக்கு வரும். மதியம் மூன்று மணிக்கு, மின்விசிறி மட்டும் ஓடும் வீட்டில், தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆடுபவனுக்கு நான் ஏ05எஸ்தான் சொல்வேன். கிராஃபிக்ஸ் கீழ்நிலை, நிழலும் வெளிக்கோடும் அணைத்து. மாலையில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வைத்துவிடுகிறான் என்றால் ஏ05 போதும், மிச்சப் பணம் கையில் இருக்கும். கொஞ்சம் காத்திருந்து ஏ15 வகைக்குப் போக முடியும் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அதன் 4ஜி வடிவத்தில் ஜி99, 5ஜி வடிவத்தில் 6100 பிளஸ், இரண்டிலும் இரட்டைக் கோர் ஜி57.

## வாங்கிய பிறகு: ஃபிரேமை எங்கே நிறுத்துவது

எந்த வகையை வாங்கினாலும், சண்டையில் தாங்கக்கூடிய எண்ணில் ஃபிரேமை நிறுத்த வேண்டும், லேனில் தெரியும் எண்ணில் அல்ல. 60 வைத்து 38க்கு விழுந்து எழுவதைவிட 30இல் அசையாமல் ஓடுவது கைக்குப் பழகும். விரல் நேரத்தைக் கற்றுக்கொள்ளும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஃபிரேம் எண்ணும் திரையின் ஹெர்ட்ஸும் சரியாக வகுபட வேண்டும். பப்ஜியில் ஃபிரேம் தெரிவுகளில் அல்ட்ரா என்பது 40. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40ஐப் போட்டால் ஒரு படம் ஒரு முறைக்கும் அடுத்த படம் இரண்டு முறைக்குமாக மாறி மாறி நிற்கும்: 16.7, 33.3, 16.7, 33.3. ஜி.பி.யு ஒரு படத்தைக்கூடத் தவறவிடாமல் இருந்தாலும் கண்ணுக்கு நடுக்கம் தெரியும். அதே 40, 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை, 25 மில்லி வினாடி, ஒரே சீர்.

90 ஹெர்ட்ஸ் திரையில் 60 ஃபிரேம் போட்டாலும் இதே சிக்கல்தான்: 11.1, 22.2, 11.1, 22.2. சில கைப்பேசிகள் விளையாட்டைத் திறந்ததும் தாமாகவே 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், சில இறங்காது. டெவலப்பர் அமைப்புகளில் திரையின் ஹெர்ட்ஸைக் காட்டும் தெரிவு இருக்கிறது, அதை இயக்கிவிட்டு விளையாட்டுக்குள் போய்ப் பாருங்கள். 90லேயே நின்றால் திரை அமைப்பில் 60 என்று மாற்றிவிடுங்கள். ஸ்னாப்டிராகன் 680 வைத்திருந்த ஒரு தம்பிக்கு இதை மாற்றிக் கொடுத்ததும், "அண்ணே, புது ஃபோன் மாதிரி இருக்கு" என்றான். உள்ளே இருந்த ஜி.பி.யு அதேதான்.

## திணறல் எங்கிருந்து வருகிறது

எல்லாத் திணறலுக்கும் ஜி.பி.யுவைக் குறை சொல்ல முடியாது. எப்போது வருகிறது என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

முதல் ஆட்டத்தின் முதல் சண்டையிலேயே, ஒவ்வொரு சண்டையிலும் வந்தால் ஜி.பி.யு போதவில்லை. கிராஃபிக்ஸையோ ஃபிரேமையோ இறக்கத்தான் வேண்டும்.

முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு வந்து, கைப்பேசியைக் கொஞ்சம் ஓய வைத்ததும் போய்விட்டால் சூடு. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவதை நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூட்டைச் சேர்க்கும், அது சிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

விளையாட்டைப் புதுப்பித்த பிறகு முதல் சில ஆட்டங்களில் மட்டும், ஒவ்வொரு விளைவும் முதல் முறை தோன்றும்போது மட்டும் வந்தால், ஜி.பி.யுவுக்கான நிரல்களைக் கைப்பேசி அப்போதுதான் தயார் செய்துகொண்டிருக்கிறது. பயிற்சி முறையில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ரேங்குக்குப் போங்கள்.

ஃபிரேம் எண் 60லேயே நிற்க, ஹீரோ மட்டும் இழுத்துப்போட்டது போல இடம் மாறினால் அது நெட்வொர்க். திரையின் ஓரத்தில் பிங் எண் சிவப்பாக இருக்கும். தோட்டத்துக்குள் கோபுரம் தூரமாக இருக்கும் வீடுகளில் இதுதான் அதிகம், 2,000 வெள்ளிக் கைப்பேசி வாங்கினாலும் மாறாது.

## பழையதை வாங்குவதாக இருந்தால்

விற்பவர் சொல்லும் சிப் பெயரை நம்பாமல் சி.பி.யு-இசட் ஏற்றிப் பாருங்கள். அங்கே `MT6789` என்று தெரிந்தால் அது ஜி99 குடும்பம். `SM6225` என்றால் ஸ்னாப்டிராகன் 680 குடும்பம்.

பிறகு விளையாட்டு. கோப்புகள் இறங்கவே நேரம் எடுக்கும் என்பதால், சந்திப்பதற்கு முன்பே மொபைல் லெஜெண்ட்ஸை முழுதாக இறக்கி வைக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். மற்ற ஒன்பது ஹீரோக்களையும் கணினியே ஆடும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, ஃபிரேம் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, 20 நிமிடம் சண்டைக்குள்ளேயே நில்லுங்கள். மாமாக் கடையின் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சோதிக்க வேண்டாம். பேட்டரி விழுக்காட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் நின்று பேட்டரி மட்டும் மளமளவென்று இறங்கினால், பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசலாம். ஐந்தாவது நிமிடத்திலேயே ஃபிரேம் பாதியாகி, பின்பக்கம் கையில் வைக்க முடியாத சூடு என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தக் கைப்பேசி வேண்டாம்.